கூச்சப்படும் குழந்தைக்குச் சொல்ல ஒரு மணல் கதை: சில பயனுள்ள குறிப்புகள்

ஐந்து வயதுக் குழந்தை தெருவில் நடக்கும் ஆட்டத்தைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும். "போடா, போய் விளையாடு" என்று முதுகில் கை வைத்தால் இன்னும் நம் காலைக் கட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் நாம் சொல்வது எதுவும் அதன் காதில் ஏறாது. இரவு படுக்கையில் வேறொரு குழந்தையின் கதையாகச் சொன்னால் ஏறும். அப்படி ஒரு கதையை வீட்டிலேயே அமைத்துச் சொல்லும் முறை கீழே இருக்கிறது. ஏழாவது குறிப்பில் முழுக்கதையும் உண்டு. அவசரம் என்றால் அதை மட்டும் படித்து இன்றிரவே சொல்லலாம்.

1. கதைக்கு முன்னால் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். கதையின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். கல்லா மண்ணா என்றால் பிடிப்பவர் உரக்கக் கேட்க வேண்டும், மற்றவர்கள் உரக்கப் பதில் சொல்ல வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். கூச்சப்படும் பிள்ளைக்கு அது மூன்று மலைகள். கண்ணாமூச்சியில் பேச்சு குறைவுதான். ஆனால் ஒளிந்துகொண்ட குழந்தை தனியாகவே இருக்கிறது. நன்றாக ஒளிந்துகொண்டால் கடைசிவரை தனியாகவே இருக்கும். நண்பர் கிடைக்கும் கதைக்கு அது ஆகாது.

கிச்சுகிச்சுத் தாம்பாளம் மிகப் பொருத்தமான ஆட்டம். மணலை நீளமாகக் கரை போலக் குவித்து, ஒருவர் சின்னக் குச்சியை விரலிடுக்கில் பிடித்து, பாட்டைச் சொல்லிக்கொண்டே கரைக்குள் முன்னும் பின்னும் ஓட்டி, எங்கோ ஓரிடத்தில் விட்டுவிடுவார். எதிரே இருப்பவர் இரண்டு கைகளையும் கோத்து, குச்சி இருக்கும் என்று நினைக்கும் இடத்தில் பொத்த வேண்டும். கைக்குள் குச்சி இருந்தால் அவர் வென்றார். இல்லாவிட்டால், அவர் கை நிறைய மணலை அள்ளி வைத்து, மேலே குச்சியை நட்டு, கண்ணைப் பொத்தி எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்க் கொட்டவைத்து, சுற்றிச் சுற்றித் திரும்பக் கூட்டிவருவார்கள். கொட்டிய இடத்தை அவர் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் பேச்சு தேவையில்லை, கைகள் போதும். பெரிய கூட்டமும் வேண்டாம், இரண்டு பேர் போதும். எனக்கு மிகவும் பிடித்தது தோற்றவருக்குக் கிடைக்கும் இடம். தோற்றவரை யாரும் ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்புவதில்லை. இன்னொரு குழந்தையின் கைகள் அவர் கண்ணை மூடிக்கொள்ள, இருவரும் ஒட்டி நடக்கிறார்கள். தோல்வியே இரண்டு பிள்ளைகளை நெருக்கமாக்கும் ஆட்டம் வேறு எளிதில் அமையாது.

2. ஓரமாக நின்று பார்ப்பதைக் குறையாகச் சொல்லாதீர்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் சிறுபிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்த மில்ட்ரெட் பார்ட்டன், 1932-ல் வெளியிட்ட ஆய்வில், பிறர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் விளையாட்டில் சேரும் வகைகளில் ஒன்றாகவே கணக்கில் எடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து அதே விளையாட்டைத் தனியாக விளையாடுவது இன்னொரு வகை. நாம் "சும்மா நிற்கிறான்" என்று நினைக்கும் நேரத்தில் குழந்தை விதிகளைக் கற்றுக்கொண்டிருக்கிறது. யார் விட்டுக்கொடுப்பார், யார் அதட்டுவார் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்கிறது.

அதனால் கதையில் அந்தக் குழந்தை எதையாவது கூர்ந்து பார்க்கட்டும். "ஓரமாக நின்றான்" என்று மட்டும் சொன்னால் பாவமாக இருக்கும். "குச்சியை விடும்போது செல்வியின் விரல் கொஞ்சம் நின்றது, அதை அவன் பார்த்துவிட்டான்" என்று சொன்னால் அவன் கெட்டிக்காரன் ஆகிறான். கேட்கும் குழந்தையும் நிமிர்ந்து உட்காரும்.

3. ஆட்டத்துக்குள் நுழையும் வழியைப் படிப்படியாக வையுங்கள். முதலில் பார்ப்பது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் செய்வதையே தானும் செய்வது. அதன் பிறகு அந்த ஆட்டத்துக்குத் தேவையான ஒன்றைக் கொடுப்பது. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. மார்த்தா புட்டல்லாஸ், ஜான் காட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள், பிள்ளைகள் ஏற்கெனவே நடக்கும் ஆட்டத்தில் எப்படிச் சேர்கிறார்கள் என்று கவனித்து 1981-ல் எழுதினார்கள். ஆட்டம் எந்தப் போக்கில் போகிறதோ அந்தப் போக்கிலேயே சேரும் பிள்ளைகளை மற்றவர்கள் எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். ஆட்டத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்த்த பிள்ளைகளுக்கு மறுப்புத்தான் அதிகம் கிடைத்தது.

நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? "போய், நானும் வரலாமான்னு கேளு" என்கிறோம். கூச்சப்படும் குழந்தைக்கு அதுதான் மிகக் கடினமான வாக்கியம். தவிர, அந்தக் கேள்விக்கு "வேணாம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். கையில் ஒரு குச்சியை நீட்டினால், வேண்டாம் என்று சொல்ல எதிரில் இருப்பவருக்கு வாய் வராது. அவருக்கு அந்தக் குச்சி வேண்டும். எனவே கதையில் ஒரு பொருள் குறைய வேண்டும், அந்தப் பொருள் நம் குழந்தையின் கையில் இருக்க வேண்டும்.

4. ஒரே ஒரு மறுப்பைக் கட்டாயம் வையுங்கள். குழந்தை போனதும் எல்லோரும் "வா வா" என்று அழைக்கும் கதையைச் சொல்லி அனுப்பினால், மறுநாள் தெருவில் முதல் "இப்ப முடியாது" கேட்டதும் அது வீட்டுக்குள் வந்துவிடும். கதை பொய் என்று அதற்குத் தெரிந்துவிடும். மழலையர் பள்ளிகளில் பிள்ளைகளோடு பிள்ளையாக நெடுநாள் உட்கார்ந்து கவனித்த வில்லியம் கோர்சாரோ என்ற சமூகவியலாளர், ஆட்டத்தில் சேரும் முதல் முயற்சிகளில் ஏறக்குறைய பாதி மறுக்கப்படுவதைக் கண்டார். கூச்சமே இல்லாத பிள்ளைகளுக்கும் இதே கதைதான். நடக்கும் ஆட்டம் கலைந்துவிடும் என்ற பயத்தில் பிள்ளைகள் மறுக்கிறார்கள்.

எனவே கதையில் வரும் மறுப்பு ஆட்டத்தைப் பற்றியதாக இருக்கட்டும். "இப்ப ஆட்டம் நடக்குது" என்பது சரி. "உன்னைச் சேத்துக்க மாட்டோம்" என்பது ஐந்து வயதுக்கு மிகவும் கனமானது, தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம். மறுப்பு வந்ததும் குழந்தை எங்கே போகிறது என்பதும் முக்கியம். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் போகக் கூடாது. கூப்பிடும் தூரத்தில் போய் உட்கார வேண்டும்.

5. ஒரு நண்பர் போதும். தெருப்பிள்ளைகள் எல்லோரும் சூழ்ந்து கைதட்டும் முடிவு, கூச்சப்படும் குழந்தைக்குப் பயமூட்டும்.

6. "கூச்சம்" என்ற சொல்லைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள். "ஒரு ஊர்ல கூச்சப்படுற பையன் இருந்தானாம்" என்று தொடங்கினால், அது தனக்கான பாடம் என்று குழந்தை உடனே கண்டுகொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடம்பில் நடப்பதைச் சொல்லுங்கள்: உள்ளங்கை ஈரமாச்சு, காது சூடாச்சு, கேட் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். இதெல்லாம் அதற்குத் தெரியும். பெயரும் உங்கள் குழந்தையின் பெயராக இருக்க வேண்டாம். வயதும், வாசலும், ஒன்றிரண்டு பழக்கங்களும் ஒத்திருந்தால் போதும்.

சொல்லி முடிக்க ஐந்து, ஆறு நிமிடம் ஆகலாம். வாக்கியங்கள் ஒரே மூச்சில் சொல்லக் கூடியவையாக இருக்கட்டும். பெயர் சொல்லும் பிள்ளைகள் நான்குக்கு மேல் வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருந்தால், மூன்றாம் தடவை குழந்தையே அதைச் சொல்லிவிடும். இந்தக் கதையில் அந்த வரி "குச்சி எங்கே?".

7. இனி கதை.

முகிலன் இந்தத் தெருவுக்குப் புதுசு.

எதிர் வீட்டு வாசலில் ஒரு பெரிய மணல் குவியல் இருந்தது. வீடு கட்டுவதற்காகக் கொட்டி வைத்த மணல். சாயங்காலம் ஆனால் மூன்று பேர் அங்கே விளையாட வருவார்கள். செல்வி வருவாள். பாபு வருவான். பாபுவின் தம்பி குட்டியும் வருவான்.

முகிலன் தன் வீட்டு கேட்டுக்குப் பின்னால் நின்றான். கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கம்பிக்கு நடுவே மூக்கை வைத்துப் பார்த்தான்.

செல்வி மணலை நீளமாகக் குவித்தாள், பாம்பு மாதிரி. ஒரு குட்டிக் குச்சியை அதற்குள் விட்டாள். விரல் அங்கே போனது. இங்கே வந்தது. அங்கே போனது. இங்கே வந்தது.

"குச்சி எங்கே?" என்றாள் செல்வி.

பாபு இரண்டு கையையும் கோத்து, பொத்தென்று பாம்பின் வாலில் வைத்தான். தோண்டிப் பார்த்தான். குச்சி இல்லை!

முகிலனுக்குத் தெரியும். செல்வியின் விரல் பாம்பின் வயிற்றில் கொஞ்சம் நின்றது. அவன் பார்த்தான். ஆனால் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் முகிலன் கேட்டைத் திறந்தான். மெதுவாக நடந்து போனான். மணல் குவியலின் இந்த ஓரத்தில் உட்கார்ந்தான். அவர்கள் அந்த ஓரத்தில் இருந்தார்கள்.

முகிலனும் ஒரு பாம்பு செய்தான். சின்னப் பாம்பு. கீழே கிடந்த வேப்பங்குச்சியை எடுத்து, அதற்குள் விட்டான். அங்கே போனான். இங்கே வந்தான். "குச்சி எங்கே?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டான். அவனே கண்டுபிடித்தான்.

குட்டி வந்து எட்டிப் பார்த்தான். "உன் பாம்பு சின்னப் பாம்பு" என்றான். முகிலன் தலையை ஆட்டினான். குட்டி ஓடிவிட்டான்.

முகிலன் எழுந்தான். ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி வைத்தான். அவர்கள் பக்கத்தில் போய் நின்றான்.

பாபு நிமிர்ந்து பார்த்தான். "இப்ப ஆட்டம் நடக்குது. இப்ப முடியாது" என்றான்.

முகிலனின் காது சூடானது. உள்ளங்கை ஈரமானது. திரும்பி நடந்தான். எங்கே? வீட்டுக்கா? இல்லை. தன் சின்னப் பாம்புக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தான்.

அப்போது... டிக்!

"ஐயோ! குச்சி ஒடிஞ்சு போச்சு!" என்றாள் செல்வி. பாபு தேடினான். குட்டி தேடினான். அங்கே குச்சியே இல்லை. வெறும் மணல், வெறும் மணல்.

முகிலன் தன் கையைப் பார்த்தான். வேப்பங்குச்சி இருந்தது. செல்வியைப் பார்த்தான். மறுபடியும் குச்சியைப் பார்த்தான். எழுந்து போய், கையை நீட்டினான். ஒன்றுமே பேசவில்லை.

"ஐ! நல்ல குச்சி!" என்றாள் செல்வி. "உன் குச்சிதானே? அப்ப நீதான் தேடணும். உக்காரு."

முகிலன் உட்கார்ந்தான்.

விரல் அங்கே போனது. இங்கே வந்தது. அங்கே போனது. இங்கே வந்தது. "குச்சி எங்கே?"

முகிலன் கையைக் கோத்தான். பொத்தென்று வைத்தான். தோண்டினான், தோண்டினான். இல்லை! குச்சி இல்லை!

தோத்துப் போயிட்டேன், வீட்டுக்குப் போகணும் போல என்று நினைத்து முகிலன் எழுந்தான்.

"எங்கே போறே? இனிமேதானே ஆட்டமே இருக்கு!" என்றாள் செல்வி.

அவன் இரண்டு கையிலும் மணலை அள்ளி வைத்தாள். அதன் மேல் குச்சியை நட்டாள். பின்னால் வந்து, அவன் கண்ணைப் பொத்தினாள். அவள் கை மணல் மணலாக இருந்தது.

"நட" என்றாள்.

முகிலன் நடந்தான். செல்வியும் நடந்தாள். நேராகப் போனார்கள். திரும்பினார்கள். "படி இருக்கு, காலைத் தூக்கு" என்றாள். அவன் தூக்கினான். அவன் விழவில்லை. இன்னும் கொஞ்ச தூரம். குளுகுளுவென்று நிழல் வந்தது. மல்லிகைப் பூ வாசம் வந்தது.

"இங்கே கொட்டு."

கொட்டினான். அவள் அவனை ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்று சுற்றினாள். வேறு வழியாகத் திரும்பக் கூட்டிவந்தாள். கையை எடுத்தாள்.

"இப்பக் கண்டுபிடி! குச்சி எங்கே?"

முகிலன் யோசித்தான். நேராகப் போனான். திரும்பினான். இதோ படி! காலைத் தூக்கினான். இதோ நிழல்! மூக்கை உறிஞ்சினான். மல்லிகை வாசம்! செடிக்குக் கீழே குனிந்து பார்த்தான். குட்டி மணல் குவியல். அதன் மேல் வேப்பங்குச்சி.

"இங்கே!" என்று கத்தினான் முகிலன்.

செல்வி ஓடி வந்தாள். "கண்டுபிடிச்சுட்டே! உன் பேரென்ன?"

"முகிலன்."

"நாளைக்கும் வருவியா?"

முகிலன் தலையை ஆட்டினான். பிறகு குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நான் குச்சி கொண்டு வரேன்" என்றான்.

8. கதையில் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாரும் இல்லை என்பதைப் பார்த்திருப்பீர்கள். சொல்லும்போது நமக்கு ஆசை வரும்: "அப்போ அவங்க அம்மா வந்து, தம்பியையும் சேத்துக்கோங்கன்னு சொன்னாங்களாம்." அதைச் சேர்த்த உடனே, செல்வியோடு கிடைத்த நட்பு அம்மா வாங்கிக் கொடுத்ததாக ஆகிவிடும். பெரியவர் யாராவது வேண்டுமென்றால் கேட்டைத் திறந்து விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முகிலன் கடைசிவரை பெரிய வாயாடி ஆகவில்லை. கதை முழுக்க அவன் மற்றவர்களிடம் வாய்விட்டுப் பேசுவது மூன்று தடவைதான்: "இங்கே", "முகிலன்", "நான் குச்சி கொண்டு வரேன்". முதல் சொல் ஆட்டத்துக்கானது, யாரையும் பார்த்துச் சொன்னதல்ல. இரண்டாவது ஒரு கேள்விக்குப் பதில். மூன்றாவதுதான் அவனாகச் சொன்னது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதல் சொல்லே "என் பேர் முகிலன், நாம பிரெண்ட்ஸா?" என்று வந்தால் உங்கள் குழந்தை நம்பாது.

9. சொல்லும்போது நிறுத்த வேண்டிய இடங்கள் மூன்று. பாபு மறுத்ததும் "எங்கே? வீட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு, மூச்சை இழுத்து விடும் நேரம் காத்திருங்கள். குழந்தை "ஆமா" என்றால் திருத்த வேண்டாம், அதற்கு அப்படித்தான் தோன்றுகிறது. கதையைத் தொடருங்கள். இரண்டாவது, குச்சி ஒடிந்த இடம். "முகிலன் கையில்தான் இருக்கே!" என்று பல பிள்ளைகள் இங்கே துள்ளிவிடுவார்கள். மூன்றாவது, கண்ணைப் பொத்தி நடக்கும் இடம். அங்கே உங்கள் உள்ளங்கையைக் குழந்தையின் கண்மேல் லேசாக வைத்துச் சொல்லலாம். சில குழந்தைகளுக்குக் கண்ணை மூடுவது பிடிக்காது. கையைத் தட்டிவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

கதை முடிந்ததும் கேட்கக் கூடாத கேள்வி: "நீயும் நாளைக்கு அப்படிப் போவியா?" கேட்கக் கூடியவை: "குட்டி ஏன் ஓடிப் போனான்?", "பாபு ஏன் முடியாதுன்னு சொன்னான்?", "படி இருக்குன்னு செல்வி சொல்லலைன்னா என்ன ஆகியிருக்கும்?" ஐந்து வயதில் இன்னொருவர் மனதில் என்ன இருக்கும் என்று ஊகிக்கும் திறன் நன்றாகவே வந்திருக்கும். பாபு கெட்டவன் இல்லை, அவனுக்கு ஆட்டம் கலையக் கூடாது என்பதைக் குழந்தை தானாகச் சொன்னால், நாளை தெருவில் கேட்கும் மறுப்பின் வலி பாதியாகும். பதில் வராவிட்டாலும் ஒன்றும் குறையில்லை. ஒரு கேள்வியோடு விட்டுவிடுங்கள்.

அதே கதையை வாரம் முழுக்க கேட்பார்கள். வரிகளை மாற்றாமல் சொல்லுங்கள். நான்காம் நாளுக்கு மேல் "நீ செல்வியா இரு, நான் முகிலனா இருக்கேன்" என்று அதுவே சொல்லலாம். "நான் செல்வி" என்று சொன்னால் இன்னும் நல்லது. கண்ணைப் பொத்தி வழிகாட்டுபவராக இருந்து பார்ப்பது அந்தக் குழந்தைக்குப் புதிய அனுபவம்.

10. தெருவுக்குப் போகும் முன் ஆட்டத்தை வீட்டில் பழக்குங்கள். ஒரு பெரிய தாம்பாளமோ, பழைய டிரேயோ போதும். மணல் கிடைத்தால் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். தெருவோர மணலில் பூனை, நாய் அசுத்தம் செய்திருக்கும் என்பதால் அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மணல் இல்லாவிட்டால் கோலமாவில் கரை நன்றாக நிற்கும். ரவையும் ஆகும், ஆனால் கொஞ்சம் சரியும்.

கரையின் நீளத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை கோத்த கைகள் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டரை மூடும். கரை நாற்பது சென்டிமீட்டர், அதாவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு என்றால், கண்ணை மூடிப் பொத்தினாலும் நான்கில் ஒரு தடவை குச்சி கிடைக்கும். புதிதாகப் பழகும் குழந்தைக்கு அது போதாது. தொடர்ந்து தோற்றால் தாம்பாளத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடும். முதலில் இருபது சென்டிமீட்டர், ஒரு சாண் அளவு வைத்தால் இரண்டில் ஒரு தடவை கிடைக்கும். ஆட்டம் சூடு பிடித்ததும் நீட்டிக்கொண்டே போகலாம். உயரம் இரண்டு விரல் அளவு இருக்கட்டும், குறைந்தால் குச்சி வெளியே தெரிந்துவிடும்.

துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியை இரண்டு சென்டிமீட்டருக்கு ஒடித்தால் நல்ல குச்சி. முனை குத்தும் என்பதால் இரண்டு பக்கமும் நசுக்கிவிடுங்கள். பாட்டு ஊருக்கு ஊர் மாறும். உங்கள் வீட்டுப் பாட்டி எப்படிச் சொல்வாரோ அதையே சொல்லுங்கள். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் குச்சியை எண்ணி எடுத்துவைப்பது முக்கியம், வாயில் போட்டுக்கொள்ளும்.

11. பழகிய பிறகு தெருவுக்கோ பூங்காவுக்கோ போகும்போது, எல்லோரும் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்குள் நுழைவது கடினம். காலியான மணலில் நம் குழந்தை முதலில் உட்கார்ந்திருந்தால், வருகிற பிள்ளைதான் நுழைய வேண்டும். சட்டைப் பையில் இரண்டு, மூன்று குச்சிகள் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் பார்வை படும் தூரத்தில், ஆனால் குரல் கொடுக்க வசதிப்படாத தூரத்தில் உட்காருங்கள்.

பெரிய பிள்ளைகள் ஆடும் இடத்தில் சின்னக் குழந்தையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வது நம் தெருக்களில் பழைய வழக்கம். அதற்கு அவுட் கிடையாது, கணக்கிலும் வராது. ஓரிரு நாட்களுக்கு இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். உள்ளே நின்றுகொண்டே விதிகளைக் கற்றுக்கொள்ளலாம். அதற்கு மேல் நீடித்தால், தான் உண்மையில் ஆட்டத்தில் இல்லை என்பது குழந்தைக்குத் தெரிந்து சலித்துவிடும். அப்போது அதன் வயதுடைய ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்து, தாம்பாளத்தை நடுவில் வையுங்கள். முதலில் ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர், பிறகு தெருவில் நான்கு பேர் என்ற வரிசை பல குழந்தைகளுக்கு ஒத்துவரும்.

12. கதை வேலை செய்கிறதா என்பதை "போய்ச் சேர்ந்தானா" என்று அளக்காதீர்கள். நிற்கும் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். கேட்டுக்குப் பின்னால் நின்ற குழந்தை கேட்டுக்கு வெளியே நின்றால், நம் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை கையை விட்டு நின்றால், பக்கத்தில் உட்கார்ந்து தனியாக மணல் குவித்தால், அது மூன்றாம் குறிப்பில் சொன்ன வழியில்தான் போகிறது. அப்போது "பாத்தியா, போயிட்டே!" என்று எல்லோர் முன்னும் பாராட்ட வேண்டாம். எல்லோர் கண்ணும் தன்மேல் விழுவதுதான் அதற்குப் பிடிக்காதது. வீட்டுக்கு வந்ததும், "உன் மணல் பாம்பு எவ்வளவு நீளம்?" என்று கேட்டால் போதும்.

13. கதையால் ஆகாத இடமும் உண்டு. வீட்டில் கலகலவென்று பேசும் குழந்தை, பள்ளியிலோ வெளியிலோ ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு சொல்லும் பேசவில்லை என்றால், அதைச் சாதாரணக் கூச்சமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அப்போது பல குழந்தைகள் மௌனமாகத்தான் இருப்பார்கள். கழிப்பறை போக வேண்டும் என்றுகூட ஆசிரியரிடம் சொல்ல முடியாமல் அடக்கிக்கொள்வது, பேச வேண்டிய நேரத்தில் உடம்பே விறைத்து நிற்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். பிடிவாதம் என்று திட்டினாலும், பேசினால் சாக்லேட் தருகிறேன் என்று எல்லோர் முன்னும் பேரம் பேசினாலும் இது கூடத்தான் செய்யும். முதலில் குழந்தைநல மருத்துவரிடம் காட்டி, காது சரியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு அவர் மூலமாகக் குழந்தை மனநல நிபுணரையோ பேச்சுப் பயிற்சியாளரையோ அணுகுங்கள். ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், வகுப்பில் எழுப்பி நிறுத்திப் பேசச் சொல்லாமல் இருக்க அது உதவும். சிகிச்சை நடக்கும் நாட்களிலும் தாம்பாளமும் குச்சியும் வீட்டில் இருக்கட்டும், பேசாமலே ஆடக்கூடிய ஆட்டம் அது.